ஏணியில் நிற்கும்போது போன் எடுக்கும் பக்கம்

*அண்ணா, நான் காட்பாடியில் ஏசி சர்வீஸ் செய்கிறேன். நானும் ஒரு ஹெல்பர் பையனும், ஒரு பைக். மார்ச் பிறந்தால் போன் ஓயாது. ஏணியில் நிற்கும்போது எடுக்க முடியவில்லை. இறங்கித் திரும்பக் கூப்பிட்டால் "வேற ஆளைச் சொல்லிட்டோம்" என்கிறார்கள். ஆன்லைனில் புக் செய்கிற மாதிரி வெப்சைட் கேட்டதற்கு ஒருவர் 18,000 ரூபாய், அப்புறம் வருஷத்துக்கு 6,000 என்றார். அவ்வளவு தேவையா? நானே செய்து கொள்ளலாமா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? என் ரேட்: ஸ்பிளிட் ஏசி வாட்டர் சர்வீஸ் 600, வந்து பார்த்துவிட்டு மட்டும் போனால் 300.*
*— வாசகர், காட்பாடி*

தம்பி, அந்த 18,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் தொழிலுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். போனில் திறந்தால் கட்டைவிரலால் இரண்டு தடவை தள்ளுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் செய்துவிடலாம், செலவில்லாமல். கஷ்டம் அதைச் செய்வதில் இல்லை, அதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்வதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

உங்களைக் கூப்பிடுகிறவர்கள் பேச்சை எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "எவ்வளவு ஆகும்?" "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா?" "இன்னைக்கு வர முடியுமா?" பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த மூன்றுக்குள்தான் நிற்பார்கள். நீங்கள் போனை எடுக்காதபோது இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற ஒன்று இருந்தால் அவர் அடுத்த ஆளைத் தேடிப் போக மாட்டார். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தின் வேலை. "எங்களைப் பற்றி", "எங்கள் நோக்கம்" என்று தனித்தனிப் பக்கம் போட்டு, ஏசியின் முன்னால் சிரிக்கும் வெளிநாட்டுக் குடும்பத்தின் படத்தை வைப்பதெல்லாம் உங்களுக்கு ஒரு அழைப்பையும் கொண்டுவராது.

விலையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் போடத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். "ரேட்டைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான்" என்பார்கள். போட்டிக்காரர் ஒரு போன் போட்டுக் கேட்டாலே தெரிந்துகொள்வார். விலை தெரியாமல் திரும்பிப் போகிறவர்தான் உங்களுக்கு நஷ்டம். ஆனால் வெறும் "சர்வீஸ் 600" என்று எழுதினால் வீட்டில் போய்ச் சண்டை வரும். அந்த 600-க்குள் என்ன அடங்கும், என்ன அடங்காது என்று சேர்த்து எழுத வேண்டும். இப்படி:

> ஸ்பிளிட் ஏசி வாட்டர் சர்வீஸ்: ரூ. 600. உள் யூனிட், வெளி யூனிட் இரண்டும் ஜெட் பம்ப் போட்டுக் கழுவி, டிரெயின் பைப் அடைப்பு எடுத்து, ஓட்டிக் காட்டுவோம்.
> வந்து பார்க்க: ரூ. 300. அன்றே வேலை செய்தால் இந்த 300 கூலியில் கழிக்கப்படும்.
> ஏணி எட்டாத உயரத்தில் வெளி யூனிட் இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், கூலி மாறும்.

அந்த 300 கழியுமா கழியாதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவானாலும் சரி, பக்கத்தில் அது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து சர்வீஸ்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் வாசலில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இந்த விசிட்டிங் சார்ஜில்தான் வருகிறது.

கேஸ் நிரப்புவதற்கு மட்டும் ஒற்றை விலை போடாதீர்கள். ஆர்-22 ஓடுகிற பழைய மெஷினும் ஆர்-32 ஓடுகிற புதியதும் ஒரே விலை ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதனால் "வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், விலை சொல்கிறோம்" என்று எழுதுங்கள். கூடவே இன்னொரு வரி: "கசிவு எங்கே என்று பார்த்து அடைத்த பிறகே கேஸ் நிரப்புவோம், பிரஷர் மீட்டரை உங்களிடம் காட்டுவோம்." கேஸ் போய்விட்டது என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களிடம் மாட்டிய வீடு எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கிறது. அவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஊர். "வேலூர் மற்றும் சுற்றுவட்டாரம்" என்று எழுதாதீர்கள். குடியாத்தத்துக்காரரும் தன்னைச் சுற்றுவட்டாரம் என்றுதான் நினைப்பார். தெருப் பேர் அளவுக்குப் போக வேண்டாம், ஏரியாப் பேர்களை எழுதுங்கள்: காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு, சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, பாகாயம். தேடுகிறவர் தன் ஏரியாப் பேரைப் பார்த்ததும் நின்றுவிடுவார். கூகுளில் தேடும்போதும் அந்தப் பேர்தான் உதவும். நம் ஆட்கள் தமிழில் பேசினாலும் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், அதனால் பக்கத்தின் தலைப்பில் `AC Service Katpadi, Vellore` என்று ஆங்கிலத்திலும் ஒரு வரி இருக்கட்டும். வி.ஐ.டி. பிள்ளைகளும், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வந்து மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்கும் வடநாட்டுக் குடும்பங்களும் உங்களிடம் வருவார்கள் அல்லவா? விலையும் ஏரியாவும் ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இப்போது நேரம். நீங்கள் கேட்ட "ஆன்லைன் புக்கிங்" என்பது இதுதான், இதில்தான் நிதானம் வேண்டும்.

பத்து மணி, பதினொரு மணி என்று கட்டம் கட்டமாகக் காட்டி, வாடிக்கையாளரே ஒன்றைத் தொட்டுப் பிடித்துக்கொள்கிற வசதி கூகுள் காலண்டரிலேயே இலவசமாக இருக்கிறது. `Appointment schedule` என்று பேர். வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலுக்கு நான் வந்த புதிதில் அந்த மாதிரி ஒரு பக்கத்தை ஒரு பியூட்டி பார்லருக்குச் செய்து கொடுத்தேன். ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணப் பெண்கள் ஒரே நேரத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் பக்கத்தில் பதிவு செய்தவர், இன்னொருவர் போனில் சொல்லி வைத்தவர். போனில் வந்ததைக் காலண்டரில் ஏற்ற வேண்டும் என்று நான் பார்லர் நடத்தும் அக்காவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. காலண்டருக்குத் தெரியாத நேரத்தை அது காலி என்றுதானே காட்டும்? அன்றைக்கு அந்த அக்கா பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தொழிலுக்கு அது இன்னும் குறைவாகத்தான் பொருந்தும். பார்லருக்கு ஆள் வருவார்; நீங்களோ ஆளைத் தேடிப் போகிறவர். காந்தி நகரில் 10 மணி, பாகாயத்தில் 11 மணி, திரும்ப விருதம்பட்டில் 12 மணி என்று மூன்று பேர் பிடித்துவிட்டால் பக்கத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரி. நீங்கள் பாலாற்றுப் பாலத்தையும் கிரீன் சர்க்கிளையும் இரண்டு தடவை கடக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு தடங்கலும் உண்டு: அந்தப் படிவம் பேரோடு ஈமெயிலையும் கட்டாயம் கேட்கும். ஏசி ரிப்பேருக்குக் கூப்பிடும் ஒரு பாட்டியம்மா ஈமெயில் கேட்டதுமே பக்கத்தை மூடிவிடுவார்.

அதனால் உங்கள் பக்கம் மணி கொடுக்க வேண்டாம். அரை நாளை மட்டும் கொடுக்கட்டும், அதையும் நீங்கள் உறுதி சொன்ன பிறகு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்பிளிட்டைக் கழற்றிக் கழுவி மாட்டி ஓட்டிக் காட்ட ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஆற்றுக்கு ஒரே பக்கத்தில் வீட்டுக்கு வீடு போக, ஏணி இறக்கி ஏற்ற, இருபது நிமிஷம். 9 மணியிலிருந்து 1 மணிக்குள் மூன்று வீடு முடியும். சாப்பிட்டுவிட்டு 2 மணியிலிருந்து 6 மணிக்குள் இன்னும் மூன்று. ஆக ஆறு. ஆனால் ஐந்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நேற்றுச் செய்த வீட்டில் உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஒரு போன் வரும்; அதற்குப் போக ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும்.

அந்த மூன்று மூன்று வீடுகளும் ஆற்றின் ஒரே பக்கத்தில் விழ வேண்டும் என்றால், அதைப் பக்கமே சொல்லிவிடலாம்:

> காலை 9 – 1: காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு
> மதியம் 2 – 6: சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, பாகாயம்
> கிளம்பும்போது போன் செய்வோம்.
> ராணிப்பேட்டை, குடியாத்தம்: ஞாயிறு மட்டும், குறைந்தது இரண்டு ஏசி இருந்தால்.

"பதினோரு மணிக்கு வரேன்னீங்களே" என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. "கிளம்பும்போது போன் செய்வோம்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அரை நாள் காத்திருக்கச் சொல்கிறோம். அவர் கடைக்குப் போய் வரவோ குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவோ அந்த ஒரு போன்தான் வழி செய்து கொடுக்கும்.

சரி, பதிவு எப்படி வரும்? வாட்ஸ்அப் வழியாக. பக்கத்தில் ஒரு பெரிய பொத்தான். அதைத் தொட்டால் உங்கள் எண்ணுக்கு ஒரு செய்தி, கேள்விகளோடு தயாராகத் திறக்கும். அவர் நிரப்பி அனுப்பினால் போதும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கொடுக்க வேண்டிய இணைப்பு இது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=பெயர்:%0Aஏரியா:%0Aஎத்தனை%20ஏசி:%0Aஎன்ன%20பிரச்சினை:%0Aஎந்த%20நாள்:
```

`X` இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். முன்னால் 91 கட்டாயம். கூட்டல் குறியோ பூஜ்யமோ இடைவெளியோ வரக்கூடாது. பலருக்கு இந்தப் பொத்தான் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் 91 விட்டுப்போனதுதான். `%0A` என்றால் அடுத்த வரி, `%20` என்றால் இடைவெளி. கேள்வியை ஐந்துக்கு மேல் கூட்டாதீர்கள். வீட்டு முகவரியை இதில் கேட்க வேண்டாம். நாள் உறுதியான பிறகு லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள்.

பொத்தானுக்குக் கீழே சின்னதாக, ஆனால் தெளிவாக: "செய்தி வந்ததும் நேரம் உறுதி ஆகிவிடாது. மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பார்த்துப் பதில் சொல்வோம்." நீங்கள் ஏணியில் நிற்கும்போது பதில் எதிர்பார்க்கக் கூடாது என்பதை அவருக்கு இதுதான் சொல்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வைத்துக்கொண்டால் இதே வரியைத் தானாகப் போகும் பதிலாகவும் போட்டுவிடலாம். அந்த 1 மணியையும் 8 மணியையும் தவறவிடாதீர்கள். ஒரு நாள் தவறினால் பழைய கதைதான். உறுதி சொன்ன வீட்டையெல்லாம் போனில் வந்ததோ வாட்ஸ்அப்பில் வந்ததோ, ஒரே இடத்தில் எழுதுங்கள். கூகுள் காலண்டரானாலும் சரி, அறுபது பக்க நோட்டானாலும் சரி. இரண்டிலும் பாதிப் பாதி எழுதுவதுதான் கூடாது.

போன் எண்ணை எழுத்தாக அடியுங்கள், படமாகப் போடாதீர்கள். விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிட்டு "வெப்சைட் போட்டாச்சு" என்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது, சுலபமாகக் காப்பி எடுக்கவும் வராது. அவர் மனப்பாடம் செய்து அடிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். கம்பெனிகளின் பேரையும் லோகோவையும் வரிசையாகப் போட்டு, பார்க்கிறவர் "கம்பெனி சர்வீஸ் சென்டர்" என்று நினைக்கிற மாதிரி பக்கம் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அழைப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் அது அடுத்தவருடைய வணிகச் சின்னம்; நோட்டீஸ் வந்தால் உங்களுக்குத்தான் வரும். அதை நம்பி வந்தவர் வாரன்டியில் இருக்கும் ஏசியை உங்களிடம் திறக்கக் கொடுத்துவிட்டால், அந்த வாரன்டிக்கும் சிக்கல் வரலாம். நேராகவே எழுதிவிடுங்கள்: "எல்லாக் கம்பெனி ஏசியும் பார்ப்போம். நாங்கள் எந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரும் இல்லை. வாரன்டியில் இருந்தால் முதலில் கம்பெனியைக் கூப்பிடுங்கள்." இதனால் நாலு அழைப்பு குறையும்; குறையட்டும்.

எழுத்து தயாரானால் மீதி சுலபம். தொழிலுக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, உங்கள் சொந்த எண்ணையே அதன் மீட்பு எண்ணாகக் கொடுங்கள். `sites.google.com` போய்ப் புதுப் பக்கம் எடுத்து, மேலே தொழில் பேர், அடுத்து வாட்ஸ்அப் பொத்தானும் எண்ணும், பிறகு ஏரியாவும் நேரமும், பிறகு விலை, கடைசியில் நீங்களும் ஹெல்பரும் வேலை செய்கிற நிஜப் படம் ஒன்று. முகம் தெரியட்டும், கதவைத் திறக்கப் போகிறவர்களுக்கு அது முக்கியம், அதிலும் வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில். வாடிக்கையாளர் வீட்டு நம்பரோ குழந்தைகளோ படத்தில் விழுந்துவிடாமல் பாருங்கள். `Publish` தொட்டதும் `sites.google.com/view/` என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். உடனே உங்கள் போனில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கி, வெயிலில் நின்று திறந்து பாருங்கள். வெள்ளையில் சாம்பல் நிற எழுத்து நம் ஊர் வெயிலில் தெரியவே தெரியாது. கறுப்பு எழுத்து போடுங்கள். அந்த போனிலிருந்தே பொத்தானைத் தொட்டு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.

இந்த முகவரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் யார் கண்ணிலும் படாது. கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவு செய்து, `Website` என்ற இடத்தில் இதைக் கொடுக்க வேண்டும். அதுவும் இலவசம், `Google Business Profile` என்று தேடினால் வரும். நீங்கள் கடை இல்லாமல் வீட்டிலிருந்து போகிறவர் என்றால், வீட்டு முகவரியைக் காட்டாமல் போகிற ஏரியாக்களை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. சரிபார்ப்புக்கு வீடியோ எடுக்கச் சொல்லலாம். பைக், ஜெட் பம்ப், டூல் பெட்டி, பில் புத்தகம் எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். பேர் என்ற இடத்தில் பில்லில் உள்ள அதே பேரைத்தான் போட வேண்டும். "பெஸ்ட் ஏசி சர்வீஸ் இன் வேலூர்" என்று பேரோடு ஒட்டினால் கூகுள் அந்தப் பதிவையே முடக்கலாம். அதை மீட்பது பெரிய அலைச்சல்.

சொந்த டொமைன் பேர், அதாவது `.in` முகவரி, பிறகு வேண்டுமானால் வாங்கலாம். வாங்கும் நாளில் இரண்டை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: உங்கள் ஈமெயிலில், உங்கள் பேரில் பதிவாக வேண்டும், அடுத்த வருஷம் புதுப்பிக்க எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும். முதல் வருஷ விலை குறைவாகவும் புதுப்பிக்கும் விலை அதிகமாகவும் இருப்பது சாதாரணம். செய்து கொடுத்தவர் தன் பேரில் வாங்கி வைத்துவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டு போனதால், நோட்டீசிலும் போர்டிலும் அச்சடித்த முகவரியை இழந்த ஒருவருக்கு நான் புதிதாகப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். உங்களிடம் சொன்ன 18,000-மும் 6,000-மும் எதற்கு என்று அவரிடம் பிரித்துக் கேளுங்கள். டொமைனுக்கு எவ்வளவு, பக்கத்தை இன்டர்நெட்டில் வைக்கும் இடத்துக்கு எவ்வளவு, அவர் வேலைக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொல்ல மறுத்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

பக்கம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரம் கோடு போடுங்கள். யாராவது "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் ஒரு கோடு, "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா?" என்றால் இன்னொரு கோடு. கோடு குறைந்தால் பக்கம் பேசுகிறது என்று அர்த்தம். குறையவில்லை என்றால் விலையும் ஏரியாவும் மிகக் கீழே கிடக்கின்றன, மேலே ஏற்றுங்கள். மூன்று பேர் கேட்ட புதுக் கேள்வி எதுவோ, அதற்கான பதில் அன்று இரவே பக்கத்தில் ஒரு வரியாக ஏறட்டும்.

அக்னி நட்சத்திர நாட்களில் இன்னொரு வேலை இருக்கிறது. பக்கத்தின் முதல் வரியை இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பைப் பார்த்து முடித்ததும் மாற்றுங்கள்: "புதன் வரை நிரம்பிவிட்டது. வியாழன் காலையில் இரண்டு இடம் இருக்கிறது." சின்ன வேலைதான். ஜூனில் மழை தலைகாட்டி வேலை குறைந்ததும் அந்த வரியை எடுத்துவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஆகஸ்டிலும் பக்கம் "நிரம்பிவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.